வாடகை அக்ரிமென்டில் ஒரு ஷரத்தை எளிய தமிழுக்கு மாற்றுவது எப்படி? (கடமை மாறாமல்)

வாடகை வீட்டு அக்ரிமென்டில் சண்டை வருவது பெரும்பாலும் ஒரே ஒரு பத்தியால்தான், அட்வான்ஸைத் திருப்பித் தரும் பத்தி. கையெழுத்துப் போடும் நாளில் அதை யாரும் படிப்பதில்லை. காலி செய்யும் நாளில் இரண்டு பேருமே அதைத்தான் தேடி எடுக்கிறார்கள். அதனால் அந்தப் பத்தியையே எடுத்து, படிப்படியாக எளிய தமிழுக்குக் கொண்டுவருவோம். பத்திர நடையில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> மேற்படி வாடகைச் சொத்தை இரண்டாம் பார்ட்டியானவர் காலி செய்து, அதன் சுவாதீனத்தையும் சாவிகளையும் முதல் பார்ட்டி வசம் ஒப்படைத்த தேதி அல்லது மேற்படி சொத்துக்கான கடைசி மின்கட்டண ரசீதை முதல் பார்ட்டியிடம் கொடுத்த தேதி, இவற்றில் எது பிந்தியதோ அத்தேதியிலிருந்து 30 நாட்களுக்குள், மேற்படி முன்பணம் ரூ.90,000/-ஐ, அதில் பாக்கி வாடகை, பாக்கி மின்கட்டணம் மற்றும் இயல்பான தேய்மானம் நீங்கலாக மேற்படி சொத்துக்கு இரண்டாம் பார்ட்டியால் ஏற்பட்ட சேதங்களைச் சரிசெய்ய ஆகும் செலவு ஆகியவற்றை உரிய ரசீதுகளின் பேரில் கழித்துக்கொள்ள முதல் பார்ட்டிக்குப் பூரண பாத்தியம் உண்டு என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, வட்டியின்றி இரண்டாம் பார்ட்டிக்குத் திருப்பிச் செலுத்த முதல் பார்ட்டி கடமைப்பட்டவர் ஆவார்.

இதை முதன்முதலாகச் சுருக்க உட்கார்ந்தபோது நான் எழுதியது: "வீட்டைக் காலி செய்த 30 நாளில், பாக்கியும் சேதமும் போக மீதி அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் தருவார் என்பது அதில் இல்லை. சாவி இல்லை, கரண்ட் பில் இல்லை, தேய்மானம் இல்லை, ரசீது இல்லை, வட்டி பற்றிய பேச்சும் இல்லை. ஒரு வரியில் ஆறு ஓட்டை!

படி 1: கடைசியிலிருந்து படியுங்கள்

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். பத்திரத் தமிழில் அது பத்து வரி தாண்டித்தான் வரும். எனவே மேலிருந்து புரிந்துகொள்ள முயல வேண்டாம். வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்: "திருப்பிச் செலுத்த முதல் பார்ட்டி கடமைப்பட்டவர் ஆவார்." அதுதான் முதுகெலும்பு. முதல் பார்ட்டி, முன்பணத்தை, இரண்டாம் பார்ட்டிக்குத் திருப்பித் தர வேண்டும். மற்றதெல்லாம் இந்த வினையில் தொங்கும் நிபந்தனைகள்.

வாலைப் பிடித்ததும் இன்னொரு வினை நடுவில் ஒளிந்திருப்பது தெரியும்: "கழித்துக்கொள்ள... பூரண பாத்தியம் உண்டு." இது கடமை அல்ல, உரிமை. ஆக, ஒரே வாக்கியத்தில் ஒரு கடமையும் ஒரு உரிமையும் இருக்கின்றன. எளிய வடிவில் இவை இரண்டு தனி வாக்கியங்களாக வர வேண்டும்.

படி 2: வினையின் பலத்தை அளந்து மாற்றுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் நிதானம். பத்திரத்தில் "கடவர்", "கடமைப்பட்டவர்", "கட்டுப்பட்டவர்" என்று வந்தால் எளிய தமிழில் "வேண்டும்". "பாத்தியம் உண்டு", "உரிமை உண்டு", "அதிகாரம் உண்டு" என்று வந்தால் "-லாம்". "கழித்துக்கொள்ள பாத்தியம் உண்டு" என்பதை "கழிக்க வேண்டும்" என்று எழுதினால், விட்டுக்கொடுக்க நினைக்கும் ஓனரையும் கழிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறீர்கள்.

எதிர்மறையில் ஆபத்து இன்னும் அதிகம். "வட்டியின்றி" என்பது "வட்டி தர வேண்டியதில்லை" ஆகும். "வட்டி தரக் கூடாது" ஆகாது. முன்னது கடமை இல்லை என்கிறது, பின்னது தடை போடுகிறது. பேச்சில் இரண்டையும் கலந்து பேசுவோம், காகிதத்தில் அது செல்லாது.

"திருப்பித் தரப்படும்" என்பதையும் தவிர்த்துவிடுங்கள். செயப்பாட்டு வினையில் தருபவர் மறைந்துவிடுவார்.

படி 3: ஆட்களுக்கும் பொருளுக்கும் ஒரே பெயர்

முதல் பார்ட்டி இனி ஓனர். இரண்டாம் பார்ட்டியைக் "குடியிருப்பவர்" என்று எழுதலாமா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்த வீட்டில் அவருடைய அம்மாவும் தம்பியும்கூடக் குடியிருப்பார்கள். கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான். எனவே "வாடகைதாரர்". "சொத்து" என்பதை "வீடு" ஆக்கினாலும் இதே சிக்கல்: பைக் நிறுத்தும் இடமும் மோட்டாரும் சொத்து விவரப் பட்டியலான ஷெட்யூலில் இருந்தால், "வீடு" என்ற சொல் அவற்றை வெளியே தள்ளிவிடும். "இந்த அக்ரிமென்டில் வீடு என்றால் ஷெட்யூலில் சொன்ன அனைத்தும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

முன்பணம், அட்வான்ஸ், டெபாசிட் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். பள்ளிக் கட்டுரையில் சொல் திரும்ப வந்தால் குறை, இங்கே திரும்ப வராவிட்டால்தான் குறை. மூன்று பெயர் இருந்தால் மூன்று தொகை என்று யாராவது வாதிடுவார்கள்.

படி 4: காலத்தைத் தனியே பிரித்தெடுங்கள்

இந்த ஷரத்தின் கனமான பகுதி "எது பிந்தியதோ". மூலத்தில் "அல்லது" இருப்பதால் இரண்டில் ஏதோ ஒன்று நடந்தால் போதும் என்று தோன்றும். உண்மையில் இரண்டும் நடந்தாக வேண்டும், கடைசியில் நடந்ததிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். எளிய வடிவில் "அல்லது"வை எடுத்துவிட்டு "இரண்டும்" என்று போடுவது சொல்லை மாற்றுகிறது, பொருளைக் காப்பாற்றுகிறது.

அடுத்து "30 நாட்கள்". வாய்ப்பழக்கத்தில் "ஒரு மாதம்" என்று எழுதிவிடத் தோன்றும். ஜனவரி 31-லிருந்து ஒரு மாதம் என்றால் பிப்ரவரியின் கடைசி நாள். 30 நாட்கள் என்றால், லீப் அல்லாத ஆண்டில், மார்ச் 2. எண்ணை எண்ணாகவே விடுங்கள்.

படி 5: குழப்பத்தைத் தீர்க்காதீர்கள், குறித்து வையுங்கள்

"உரிய ரசீதுகளின் பேரில்" என்று இருக்கிறது. ஓனர் ரசீதை வாடகைதாரரிடம் காட்ட வேண்டுமா, கையில் வைத்திருந்தால் போதுமா? மூலம் சொல்லவில்லை. "ரசீதைக் காட்டிக் கழிக்கலாம்" என்று எழுதினால், நல்ல எண்ணத்திலேயே ஓனருக்குப் புதிய கடமை ஒன்றை உண்டாக்கிவிடுகிறீர்கள். பாக்கி வாடகைக்கு என்ன ரசீது என்பதும் தெளிவில்லை. "இரண்டாம் பார்ட்டியால் ஏற்பட்ட" என்றால் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி உடைத்தது சேருமா? அதுவும் தெரியாது.

இவற்றை ஒரு தனித்தாளில் கேள்விகளாக எழுதுங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பதில் சொன்னால், அதைப் புது ஷரத்தாகச் சேர்க்கலாம். அதுவரை எளிய வடிவிலும் மூலத்தின் சொல்லையே வைத்திருங்கள்.

சட்டத்தையும் உள்ளே நுழைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்த வீட்டுக்கு வாடகை 18,000 என்று வைத்தால், 90,000 என்பது ஐந்து மாத வாடகை. "இது அதிகமாயிற்றே" என்று உங்களுக்குப் படலாம். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் கேள்வித் தாளில். ஷரத்தில் தொகையைத் தொடுவது உங்கள் வேலை இல்லை.

படி 6: எழுதுங்கள்

> அட்வான்ஸைத் திருப்பித் தருதல்
>
> 1. ஓனர், அட்வான்ஸ் ரூ.90,000-ஐ வாடகைதாரருக்குத் திருப்பித் தர வேண்டும். வட்டி தர வேண்டியதில்லை.
>
> 2. கீழே உள்ள இரண்டும் நடந்திருக்க வேண்டும். இரண்டில் கடைசியாக நடந்த தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் ஓனர் பணத்தைத் தர வேண்டும்.
> (அ) வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து, வீட்டையும் சாவிகளையும் ஓனரிடம் ஒப்படைப்பது.
> (ஆ) வீட்டின் கடைசி மின்கட்டண ரசீதை வாடகைதாரர் ஓனரிடம் கொடுப்பது.
>
> 3. உரிய ரசீதுகளின் அடிப்படையில், ஓனர் இவற்றை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்:
> (அ) பாக்கி வாடகை
> (ஆ) பாக்கி மின்கட்டணம்
> (இ) வாடகைதாரரால் வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு. இயல்பான தேய்மானம் சேதத்தில் சேராது.

மூலத்தைவிட இது அப்படியொன்றும் சிறியதல்ல. பரவாயில்லை. நீளத்தைக் குறைப்பதல்ல, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை கொடுப்பதுதான் நோக்கம். தேய்மானம் பற்றிய வாக்கியத்தை (இ)-யின் உள்ளேயே வைத்திருப்பதைக் கவனியுங்கள். மூலத்தில் அது சேதத்தை மட்டுமே ஒட்டி நிற்கிறது, வாடகைப் பாக்கியை அல்ல.

படி 7: ஒரு கதையை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்

வாடகைதாரர் மே 5 அன்று சாவியைக் கொடுத்துவிட்டார். வீட்டுக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, ரீடிங் எடுத்துப் பணம் கட்டி ரசீதைக் கொடுக்க மே 20 ஆகிவிட்டது. வாடகை பாக்கி இல்லை. வாஷ்பேசினை உடைத்துவிட்டார், மாற்ற ரூ.3,500, ரசீது இருக்கிறது. வெயிலில் பெயின்ட் வெளிறியதற்கு ரூ.12,000 பிடிப்பேன் என்கிறார் ஓனர்.

மூல ஷரத்தின்படி கெடு மே 20-லிருந்து 30 நாள், அதாவது ஜூன் 19. வெயிலில் வெளிறிய பெயின்ட் இயல்பான தேய்மானம், எனவே கழிவு 3,500 மட்டும், கைக்கு வருவது 86,500. படி 6-இல் எழுதியதை வைத்துக் கணக்குப் போடுங்கள்: அதே ஜூன் 19, அதே 86,500.

இப்போது என் பழைய ஒற்றை வரியை எடுங்கள். கெடு ஜூன் 4 ஆகிவிடுகிறது, ஓனருக்குப் பதினைந்து நாள் நஷ்டம். தேய்மானம் விடுபட்டதால் பெயின்டையும் சேதம் என்று பிடித்தால் வாடகைதாரருக்குக் கிடைப்பது 74,500. ஒரே வரி, இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறது.

இப்படி மூன்று நான்கு கதைகளாவது ஓட்டுங்கள். ரசீது முதலில் வந்து சாவி தாமதமானால்? பாக்கி 90,000-ஐத் தாண்டினால்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மூலத்திலும் பதில் இல்லை, அட்வான்ஸில் கழிப்பதைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. அதுவும் கேள்வித் தாளுக்குப் போகட்டும்.

அக்ரிமென்டில் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதென்றால், நீங்கள் எழுதியது படித்துப் புரிந்துகொள்வதற்கான தாள் மட்டுமே. மேலே "விளக்கம் மட்டும், முரண் வந்தால் மூல ஷரத்தே செல்லும்" என்று எழுதிவிடுங்கள். மூலத்துக்குப் பதிலாக இதையே வைக்க விரும்பினால் இருவரும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன் ஒரு வக்கீல் கேள்வித் தாளோடு சேர்த்து இதைப் பார்த்துவிடட்டும்.