மணி சரியாகக் காட்டும் போனில் லாகின் ஏன் ஆகவில்லை?

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சானின் போனில்தான் இதைப் பார்த்தேன். அலுவலக மெயிலைத் திறக்க, ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் ஒவ்வொரு முறையும் தவறு என்றே வந்தது. பாஸ்வேர்டு சரி, வைஃபை சரி, பிரவுசரில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன. போனில் தெரியும் மணியும் கூடத்துக் கடிகாரமும் ஒன்றுபோல இருந்தன. “மணி சரியாத்தானே இருக்கு மாப்ள, வேற ஏதாவது பாரு” என்றார் அவர். கோளாறு மணியில்தான் இருந்தது.

போனில் தேதியும் நேரமும் தவறினால் லாகின் ஆகாது, டவுன்லோடு செய்த பாட்டு ஓடாது என்று பலருக்கும் தெரியும். மணி சரியாகத் தெரிந்தும் நேரம் தவறாக இருக்கலாம் என்பதுதான் எல்லோரையும் சுற்றவிடுகிறது. அதனால் அதையே முதலில் விளக்கிவிடுகிறேன்.

போனுக்குள் ஓடும் கணக்கு

திரையில் நாம் பார்க்கும் மணியைப் போன் சேமித்து வைப்பதில்லை. 1970 ஜனவரி 1 நள்ளிரவு, உலகப் பொது நேரமான யூடிசி நேரத்திலிருந்து எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்ற ஒரே எண்ணைத்தான் அது வைத்திருக்கிறது. அதோடு டைம் ஸோனைக் கூட்டித் திரையில் காட்டும். இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டும், சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம். லாகின் செய்யும் ஆப்களும் பாட்டு ஆப்களும் பார்ப்பது அந்த உள் எண்ணை. திரையில் தெரியும் மணி நமக்காக மட்டும்.

மச்சானின் போனில் உள்ளூர் சிம் போடவில்லை. வீட்டு வைஃபை மட்டும்தான். சிம் இல்லாததால் டைம் ஸோன் மாறாமல் சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டது. இங்கே இரவு மணி 8:00 ஆகும்போது அவர் போன் 10:30 என்று காட்டியிருக்கிறது. அதுவரைக்கும் ஒரு கெடுதலும் இல்லை, உள் எண் சரியாகவே இருந்தது. அவர் ஆட்டோமேட்டிக்கை அணைத்துவிட்டு மணியைக் கையால் 8:00க்குத் திருப்பினார். டைம் ஸோனைத் தொடவில்லை. உடனே போன், சிங்கப்பூரில் மணி 8:00 என்றால் யூடிசி பகல் 12:00 என்று கணக்குப் போட்டுக்கொண்டது. உண்மையில் அப்போது யூடிசி பிற்பகல் 2:30. திரை சரியானது, உள் எண் இரண்டரை மணி நேரம் பின்தங்கிவிட்டது.

ஆத்தென்டிகேட்டர் எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் மீதி புரிந்துவிடும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்கு வருகிறது. அதே சாவி சர்வரிடமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இந்தக் கணக்கைப் போடுகின்றன:

```
T = floor(unix_time / 30)
```

unix_time என்பது மேலே சொன்ன அந்த உள் எண், floor என்றால் பின்னத்தை விட்டுவிடுவது. இந்த T-யையும் சாவியையும் சேர்த்துக் குழைத்தால் வருவதுதான் அந்த ஆறு இலக்கம். 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறுவது இதனால்தான். போனும் சர்வரும் இதற்காக ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை, இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போனால் போதும். தாமதத்துக்கு இடம் விட்டு, பெரும்பாலான சர்வர்கள் ஒரு படி, அதாவது 30 விநாடி, முன்பின் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். மச்சானின் போன் 9,000 விநாடி பின்னால் இருந்தது. அதாவது 300 படி. எத்தனை முறை வேகமாக டைப் செய்தாலும் அந்த எண் செல்லாது.

அப்படியானால் பிரவுசர் மட்டும் எப்படி வேலை செய்தது? ஒவ்வொரு https தளத்தின் சான்றிதழிலும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். அது வாரக்கணக்கு, மாதக்கணக்கு. இரண்டரை மணி நேரத் தவறு அதில் பெரும்பாலும் உறைக்காது. ஆக, எது கெட்டிருக்கிறது என்பதை வைத்தே தவறு எவ்வளவு பெரியது என்று ஊகித்துவிடலாம். ஆத்தென்டிகேட்டர் எண் மட்டும் செல்லவில்லை என்றால் தவறு நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ இருக்கும். டவுன்லோடு பாட்டுகள் நின்றுவிட்டன என்றால் நாட்கணக்கு. பிரவுசரே Your clock is behind என்றோ NET::ERR_CERT_DATE_INVALID என்றோ சொன்னால் மாதக்கணக்கு அல்லது வருடக்கணக்கு. நெடுநாள் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்த போனில் இந்தக் கடைசி வகையைப் பார்க்கலாம்.

ஒரு குறிப்பு: எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கு உங்கள் போனின் கடிகாரம் தேவையில்லை. அந்த எண்ணை உண்டாக்குவதும் சரிபார்ப்பதும் சர்வர்தான். அது வரவில்லை என்றால் காரணம் வேறு.

சரிசெய்யும் வழி

1. முதலில் இன்டர்நெட் இல்லாமலே ஒரு சோதனை. போனின் Clock ஆப்பில் World clock பகுதிக்குப் போய் Kolkata-வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருப்பவர் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மச்சானின் போனில் மேலே 8:00, Kolkata-வுக்கு நேரே மாலை 5:30. இரண்டரை மணி நேரத் தவறு அங்கேயே தெரிந்துவிட்டது. வேறு நாட்டில் இருப்பவர்கள் இன்னொரு நல்ல போனில் தெரியும் Kolkata மணியோடு ஒப்பிடலாம்.

2. செட்டிங்ஸில் தேதிப் பக்கத்தைத் திறங்கள். சாம்சங்கில் General management, பிறகு Date and time. ஷாவ்மியில் Additional settings-க்குள் இருக்கும். மோட்டோரோலா, பிக்ஸலில் System-க்குள். ஐபோனில் General, பிறகு Date & Time.

3. இந்த இடத்தில் வரிசை முக்கியம். டைம் ஸோனை முதலில் சரிசெய்யுங்கள், மணியை அப்புறம் பாருங்கள். ஆட்டோமேட்டிக் டைம் ஸோனை ஆன் செய்யுங்கள். சிம் இல்லாத போனில் அது தவறான ஊரைப் பிடித்தால், அதை அணைத்துவிட்டுப் பட்டியலில் இந்தியாவை நீங்களே தேர்ந்தெடுங்கள். GMT+05:30 என்று காட்ட வேண்டும். மணி எவ்வளவு தவறாகத் தெரிந்தாலும் இந்தக் கட்டத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

4. இப்போது Set time automatically-யை ஆன் செய்யுங்கள். சில போன்களில் Automatic date and time என்று இருக்கும். ஏற்கெனவே ஆனில் இருந்தால் ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஐபோனில் டைம் ஸோனுக்கும் மணிக்கும் சேர்த்து Set Automatically என்ற ஒரே ஸ்விட்ச். அதில் ஊர் தவறாக வந்தால் Location Services-க்குள் System Services போய், Setting Time Zone ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. பிரவுசரில் time.is திறங்கள். உங்கள் கடிகாரம் எத்தனை விநாடி முன்பின் என்று அதுவே சொல்லும். மணி பார்க்க எத்தனையோ தளங்கள் இருந்தாலும் நான் இதைத்தான் திறப்பேன். வெறுமனே மணி காட்டும் தளத்தில் இந்த மாதிரித் தவறு கண்ணில் படாது. இது வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஓரிரு விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

மச்சானின் போனில் மூன்றாவது படியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்ததும் மணி 5:30 என்று இறங்கிவிட்டது. “இன்னும் கெட்டுப்போச்சே!” என்று பதறினார். போனுக்குள் இருந்த தவறு திரைக்கு வந்தது, அவ்வளவுதான். நான்காவது படி முடிந்ததும் 8:00க்கு வந்து நின்றது. அடுத்து வந்த எண்ணிலேயே மெயில் திறந்தது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எண் செல்லவில்லை என்று ஆத்தென்டிகேட்டரிலிருந்து அந்த அக்கவுண்ட்டை அழிக்காதீர்கள். அழித்தால் சாவியும் போய்விடும், பேக்கப் கோடுகள் இல்லாதவருக்குக் கதவு முழுவதுமாக அடைபட்டுவிடும். கடிகாரம் சரியானதும் அதே அக்கவுண்ட் தானாகவே வேலை செய்யும்.

பிளே ஸ்டோரில் கிடைக்கும் “நேரத்தைச் சரிசெய்யும்” ஆப்களையும் போடாதீர்கள். ரூட் செய்யாத ஆண்ட்ராய்டு போனில் வெளி ஆப் எதுவும் சிஸ்டம் கடிகாரத்தை மாற்ற முடியாது. வித்தியாசத்தைக் காட்ட மட்டும்தான் அவற்றால் முடியும், அதை time.is இலவசமாகவே செய்கிறது.

டவுன்லோடு பாட்டுகள்

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்றவற்றில் டவுன்லோடு என்பது பாட்டை நமக்கே தருவதில்லை, குறிப்பிட்ட நாள் வரை கேட்கும் அனுமதியோடு தருகிறது. இரண்டுமே 30 நாளைக்குள் ஒருமுறையாவது இன்டர்நெட்டில் இணையச் சொல்கின்றன. கேம் விளையாடும் பிள்ளைகள் அடுத்த லைஃப் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று தேதியை முன்னால் தள்ளுவதுண்டு. இரண்டு மாதம் தள்ளிவிட்டால், ஆப் கணக்கில் அனுமதி எப்போதோ காலாவதி. பின்னால் தள்ளினாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். காலாவதியை ஏமாற்றக் கடிகாரத்தைத் திருப்புகிறார்களா என்று பாட்டு ஆப்பின் பாதுகாப்பு மென்பொருள் கவனிக்கும்.

கம்ப்யூட்டரிலிருந்து நீங்களே ஏற்றிய எம்பி3 ஃபைல்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை ஓடவில்லை என்றால் தேதியைக் குறை சொல்லாதீர்கள்.

சேர்க்கை 1: தேதியைச் சரிசெய்த பிறகும் பாட்டுகள் மங்கலாகவே இருக்கின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். காலாவதி என்று ஒருமுறை குறித்துக்கொண்ட அனுமதி, தேதி திரும்பியதும் தானாக உயிர் பெறாது. இன்டர்நெட்டை ஆன் செய்து, ஆப்பை முழுவதும் மூடித் திறந்து, சில நிமிடம் திறந்தபடியே விடுங்கள். அது சர்வரிடம் கேட்டுப் புது அனுமதி வாங்கட்டும். அப்படியும் வராத பாட்டுகளை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி டவுன்லோடு செய்யுங்கள். Clear data அழுத்தினால் நன்றாக இருக்கும் பாட்டுகளும் சேர்ந்து அழிந்துவிடும், அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

சேர்க்கை 2: அலுவலக வைஃபையில் ஆட்டோமேட்டிக் ஆனில் இருந்தும் மணி மாறவில்லை என்று ஒருவர் கேட்டார். போன் நேரத்தை வாங்குவது என்டிபி என்ற முறையில், யூடிபி போர்ட் 123 வழியாக. சில அலுவலகங்களும் விடுதிகளும் அதை அடைத்து வைத்திருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். இந்த முறைக்குச் சான்றிதழ் தேவையில்லை. அதனால் வருடக்கணக்கில் பின்னால் போய் ஒரு தளமும் திறக்காத போன்கூட நேரத்தை வாங்கிக்கொள்ளும். ரீசெட் செய்த போன் கூகுள் லாகின் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு, செட்டிங்ஸுக்கே போக முடியவில்லை என்றால் ஒரு சிம்மைப் போடுங்கள். பெரும்பாலும் மொபைல் நெட்வொர்க்கே தேதியைத் தந்துவிடும்.

சேர்க்கை 3: time.is சரி என்கிறது, ஆனாலும் பல தளங்களில் சான்றிதழ் பிழை வருகிறது என்றால் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். 7.1.1க்கு முந்தைய பதிப்பாக இருந்தால், இன்று ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பின் ISRG Root X1 என்ற மூலச் சான்றிதழ் அந்தப் போனில் இருக்காது. தேதியை எப்படித் திருப்பினாலும் அது வந்து சேராது.