கேஸிலிருந்து இண்டக்ஷனுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் தோசைக்கல்லைக் காப்பாற்றுங்கள்

போன மாதம் எங்கள் எதிர்வீட்டில் புது இண்டக்ஷன் அடுப்பு வாங்கினார்கள். முதல் நாள் தோசை சுடுவதைப் பார்க்க வரச் சொன்னாள் அந்தப் பெண். தோசைக்கல்லை ஏற்றினாள், பட்டனை அழுத்தி அழுத்தி 1800 வாட்டுக்குக் கொண்டுபோனாள், "காயட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் துருவப் போனாள். நான் ஓடிப்போய் அணைத்தேன். அவள் செய்தது அப்படியே ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்தது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலிருந்தே காலை டிபன் செய்து கொடுக்கிறேன். இட்லி, தோசை, ஒருநாள் விட்டு ஒருநாள் பொங்கல். இப்போது பாதிச் சமையல் இண்டக்ஷனில்தான். அலுமினியப் பாத்திரமும் மண்சட்டியும் இதில் சூடாகாது, காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதை விடுகிறேன். கேஸில் பழகிய கை தன்னையறியாமல் செய்யும் காரியங்கள்தான் பொருளைக் கெடுக்கின்றன.

வெறும் கல்லை முழு வேகத்தில் காய வைப்பது

எங்கள் அத்தை, அதாவது மாமியார், எனக்குக் கொடுத்த இரும்புத் தோசைக்கல் ஒன்று இருந்தது. 28 செ.மீ. அகலம், இரண்டரை கிலோ இருக்கும். முப்பது வருடம் எண்ணெய் குடித்துக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த கல். இண்டக்ஷன் வாங்கிய இரண்டாவது வாரம், கேஸில் செய்வதுபோலவே முழுச் சூட்டில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "டொக்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கல் முழுசாகத்தான் இருந்தது. மாவை ஊற்றித் தேய்த்தபோதுதான் தெரிந்தது: நடுவில் மேடு தட்டியிருந்தது. எண்ணெய் விட்டால் ஓரத்துக்கு ஓடியது. தோசை நடுவில் மோதிரம் போட்டதுபோல் கருகி, ஓரத்தில் வெள்ளையாகக் கிடந்தது. கொல்லரிடம் கொடுத்துத் தட்டி நிமிர்த்தினேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் எழும்பிவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான். ஒரு நிமிட அவசரத்தில் முப்பது வருடக் கல் போனது.

ஏன் இப்படி ஆகிறது? கேஸில் தீ நடுவில் எரிந்தாலும் சூடான காற்று கல்லின் அடியை ஒட்டியே ஓரம் வரை போகிறது. ஓரமும் கூடவே காய்கிறது. இண்டக்ஷனில் அந்தக் காற்று கிடையாது. கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அதற்கு நேர்மேலே இருக்கும் இரும்பில் மட்டும் மின்னோட்டம் சுழன்று, அந்த இடம் தானாகவே சூடாகிறது. வீட்டில் வாங்கும் ஒற்றை அடுப்பில் இந்தச் சுருள் பெரும்பாலும் 18 செ.மீ.க்குள்தான். 28 செ.மீ. கல் வைத்தால் சுற்றிலும் 5 செ.மீ. வெளியே நிற்கும். அந்த ஓரத்துக்குச் சூடு நடுவிலிருந்து இரும்பு வழியாகத்தான் நகர்ந்து போக வேண்டும். இரும்பு இதில் ரொம்ப மெதுவு. அலுமினியம் கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

என் கல்லையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை கிலோ இரும்பு முழுவதும் ஒரே சீராகத் தோசைச் சூட்டுக்கு, அதாவது 200 டிகிரிக்கு வர, 1800 வாட்டில் சுமார் 2 நிமிடம் ஆகும். ஆனால் சூடு முழுவதும் இறங்குவது நடுவட்டத்தில். கல்லின் எடையில் அது சுமார் 40 சதவீதம். ஆகவே ஒரு நிமிடத்துக்குள் நடு 200 டிகிரியைத் தொட்டுவிடும், ஓரம் அப்போதுதான் வெதுவெதுக்கத் தொடங்கியிருக்கும். சூடான நடு விரியப் பார்க்கும், ஆறிக் கிடக்கும் ஓரம் விடாமல் இறுக்கிப் பிடிக்கும். பக்கவாட்டில் போக வழியில்லாமல் நடு மேலேயோ கீழேயோ பிதுங்கும். தகட்டு இரும்பாக இருந்தால் வளையும். வார்ப்பிரும்பாக இருந்தால் விரிசல் விடும், அதற்கு வைத்தியமே இல்லை. நான்ஸ்டிக் என்றால் அடித்தகடும் வளையும், பூச்சும் போகும். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெடத் தொடங்குகிறது. வெறும் கல் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் எடுக்காது.

"அடுப்பே தானாக அணைந்துவிடும் என்றார்களே?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். அணையும், ஆனால் தாமதமாக. சூட்டை அளக்கும் உணரி கண்ணாடிக்குக் கீழே, சுருளின் மையத்தில் இருக்கிறது. கல்லின் சூடு கண்ணாடியைத் தாண்டி அதை அடைய நேரம் பிடிக்கும். அதோடு மிக அதிகம் சூடாவது மையம் இல்லை, மையத்தைச் சுற்றிய வளையம். கல் ஒருமுறை மேல்நோக்கி எழும்பிவிட்டாலோ உணரிக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அது குறைந்த சூட்டையே காட்டும். கல் மேலும் கெடும்.

சரி, எப்படிச் செய்வது? நான் இப்போது 500 வாட்டில் தொடங்குகிறேன். என் அடுப்பு அந்த அளவில் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும்: சில விநாடி சூடாக்கும், சில விநாடி சும்மா இருக்கும். மற்ற சமையலுக்கு அது தொல்லை, கல்லுக்கு நல்லது. சும்மா இருக்கும் நேரத்தில் சூடு ஓரத்துக்கு நகர்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கல்லைத் தூக்கி, ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு ஓரம் சுருளுக்கு மேலே வரும்படி. தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுத்தால் கண்ணாடியில் கோடு விழும். மொத்தம் எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். அப்புறம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன், நடுவில் அல்ல, ஓரத்தில். ஓரத்தில் தண்ணீர் "சுர்" என்று சுண்டினால் 1000 வாட்டுக்கு ஏற்றி முதல் தோசையை ஊற்றுவேன். நடுவில் தெளித்துப் பார்த்து ஏமாறாதீர்கள், அது எப்போதோ தயாராகியிருக்கும்.

காத்திருக்க நேரமில்லாத நாளில் கல்லை கேஸிலேயே வையுங்கள். அவசரத்துக்கு 1800 மட்டும் வேண்டாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை போன பொங்கலுக்கு முன்னால் போன் செய்தாள். "அக்கா, கல்லு ஆடுதுக்கா, கரண்டி வச்சா சுத்துது" என்றாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கவிழ்த்துப் போட்டு, அடியில் பிள்ளைகளின் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். ஸ்கேலின் இரண்டு முனைகளிலும் வெளிச்சம் தெரிந்தது, அதாவது நடு கீழ்ப்பக்கம் பிதுங்கிவிட்டது. எவ்வளவு நேரம் காய வைத்தாய் என்று கேட்டேன். "சட்னி அரைக்கிற நேரம்தான்" என்றாள். நான் அவளுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு. அந்தக் கல்லை கேஸுக்கு ஒதுக்கிவிட்டு, இண்டக்ஷனுக்கு 24 செ.மீ.யில் கனமான, தட்டையான கல் ஒன்றை இருவரும் போய் வாங்கினோம். கடையிலேயே கவிழ்த்து ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். புதுக் கல்லிலும் சிலது லேசாகக் குழிந்தே வரும். கேஸுக்கு அது பரவாயில்லை, இதற்கு ஆகாது. மூன்றாவது கல்தான் சரியாக இருந்தது.

வடகம் தாளிக்கும்போது வேறு வேலை பார்ப்பது

நம் பக்கத்து மீன்குழம்புக்கு வடகம்தான் உயிர். அதில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, வெந்தயம் எல்லாம் காய்ந்து உருண்டையாக இருப்பதால் நிமிடத்தில் கசந்துவிடும். கேஸில் எண்ணெய் காயும் நேரத்தில் புளி கரைப்போம். இண்டக்ஷனில் அந்த நேரம் கிடையாது. இரண்டு கரண்டி நல்லெண்ணெய் 1500 வாட்டில் ஒரு நிமிடத்துக்குள் புகைந்துவிடும்.

புளி கரைத்து, மீனைக் கழுவி, வெங்காயம் தக்காளி நறுக்கி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிறகே அடுப்பைப் போடுங்கள். எண்ணெய் ஊற்றிய பாத்திரத்தை 600 வாட்டில் வைத்து, வடகத்தில் ஒரு துளியை மட்டும் போட்டுப் பாருங்கள். மெதுவாக நுரைத்துப் பொரிந்தால் மீதியைப் போடலாம். போட்டவுடன் கருத்தால் பாத்திரத்தைத் தூக்கிவிடுங்கள். அணைத்தால் மட்டும் போதாது, அடிகனப் பாத்திரம் தன் சூட்டிலேயே கருக்கிவிடும்.

தாளிப்புக் கரண்டியை இதில் நம்ப வேண்டாம். அடி சின்னதாக இருப்பதால் பல அடுப்புகளுக்குப் பாத்திரம் வைத்ததே தெரியாது, கூவிவிட்டு நின்றுவிடும். குழம்புப் பாத்திரத்திலேயே முதலில் தாளியுங்கள், அல்லது தட்டை அடியுள்ள சின்ன வாணலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமைத்ததும் சுவர் ஸ்விட்சை அணைப்பது

இது ரெகுலேட்டரை மூடும் பழக்கத்திலிருந்து வருகிறது. கேஸில் அது நல்ல பழக்கம், இங்கே கெடுதல். அடுப்பை நிறுத்திய பிறகும் உள்ளே மின்விசிறி கொஞ்ச நேரம் ஓடும். கொதித்த பாத்திரத்தின் சூடு கண்ணாடி வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதை வெளியே தள்ளுவது அந்த விசிறிதான். சுவர் ஸ்விட்சைத் தட்டினால் விசிறியும் நின்று, சூடு முழுவதும் உள்ளேயிருக்கும் மின்பலகையில் தங்கிவிடும். அடுப்பின் பட்டனில் நிறுத்துங்கள், பாத்திரத்தை இறக்குங்கள், விசிறி ஓய்ந்த பிறகு ஸ்விட்சை அணையுங்கள்.

6 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்ட் போடாமல் வாங்காதீர்கள்.

கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்ததும் இந்தப் பக்கமே. அக்டோபர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் நிறைந்தே இருக்கும்.