பெரியப்பாகிட்ட மன்னிப்பு கேட்டது, என் அனுபவம்

நாலு வருஷம் முன்னாடி சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கப்போ பெரியப்பாவ பாத்து "உங்க பிள்ளைய ஒழுங்கா வளத்தீங்களா, எனக்கு புத்தி சொல்ல வந்துட்டீங்க"ன்னு கத்திட்டேன். அன்னைலேர்ந்து அவர் என்கிட்ட "சாப்டியா"க்கு மேல பேசல.

நடுவுல ஒருதடவ ஃபோன்ல "உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க, ஆனா அன்னைக்கு எனக்கும் டென்ஷன்"னு சொன்னேன், "சரிப்பா"ன்னு வச்சிட்டார். அந்த 'இருந்தா'வும் 'ஆனா'வும்தான் கெடுத்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

போன மாசம் அவர் தனியா இருக்க நேரமா பாத்து நேர்ல போய், நான் சொன்ன அதே வார்த்தைய திரும்ப சொல்லி (வாய் கூசுச்சு) "அத எல்லார் முன்னாடியும் சொன்னது என் தப்பு பெரியப்பா, மன்னிச்சிடுங்க"ன்னேன், அவ்ளோதான். அழுது கால்ல விழல, விழுந்தா அவர்தான் என்ன தேத்தணும். ரொம்ப நேரம் பேசாம இருந்தார், நானும் வாய தொறக்கல. அப்புறம் "அன்னைக்கு ராத்திரி தூங்கல"ன்னார். "பரவால்ல"ன்னு சொல்லவே இல்ல, நானும் கேக்கல. அன்னைக்கு அங்க இருந்த சித்தப்பா, அத்தைகிட்டயும் ஃபோன் பண்ணி நான் பேசினது தப்புன்னு சொல்லிட்டேன்.

நேத்து அவரே கால் பண்ணார், பேங்க் விஷயமா ஏதோ சந்தேகமாம்.