டிக் போட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறதா?

'Verify you are human' பெட்டியில் டிக் போடுகிறீர்கள். பச்சை அடையாளம் வருகிறது, பக்கம் திரும்ப ஏறுகிறது, மறுபடியும் அதே பெட்டி. உடனே விடாமல் ரிஃப்ரெஷ் அடிப்போம். அதனால் பலனில்லை, தளத்தின் சந்தேகம்தான் கூடும்.

கிளவுட்பிளேயர் பாதுகாப்புள்ள தளமென்றால், சோதனையில் தேறியதும் உங்கள் பிரவுசருக்கு cf_clearance என்ற குக்கி கிடைக்கும். அது உங்கள் ஐபி முகவரியோடும் பிரவுசரோடும் பிணைந்தது. இவற்றில் ஒன்று மாறினாலும், குக்கியைச் சேமிக்க விடாவிட்டாலும், சோதனை முதலிலிருந்து தொடங்கலாம்.

ஆகவே கேப்சா சுற்றும்போது வி.பி.என் சர்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது இரண்டாவது தவறு. ஒவ்வொரு மாற்றமும் புது ஐபி. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக வலைத்தளங்களை முடக்கியபோது இங்கே பலர் இலவச வி.பி.என் போட்டார்கள். சிலருடைய போனில் அது இன்னும் ஓடுகிறது. அந்த ஐபியை எத்தனையோ பேரும் தானியங்கி நிரல்களும் பகிர்ந்துகொள்வதால் தளங்கள் அதை நம்புவதில்லை. பஸ், சிக்னல் படங்களைச் சரியாகத் தெரிவு செய்தாலும் அடுத்த படம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொக்குவிலில் ஒரு தம்பி வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இப்படித்தான் மாட்டினார். வி.பி.என் செயலியை நிறுத்தியும் பெட்டி போகவில்லை. இன்காக்னிட்டோவில் திறக்கச் சொன்னேன், ஒரே டிக்கில் உள்ளே போய்விட்டார். இன்காக்னிட்டோவில் நாம் தனியாக அனுமதி கொடுக்காத எக்ஸ்டென்ஷன்கள் இயங்காது. அப்போ கோளாறு எக்ஸ்டென்ஷனில், அல்லது பழைய குக்கியில். (வி.பி.என் தனிச் செயலியாக இருந்தால் இன்காக்னிட்டோவிலும் ஓடும். அதை நிறுத்தாமல் இந்தச் சோதனையைச் செய்தால் ஒன்றும் விளங்காது.)

அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் அழித்தோம், மாற்றமில்லை. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் பக்கத்தைத் திரும்ப ஏற்றினோம். விளம்பரத் தடுப்பானைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். சில வடிகட்டிப் பட்டியல்கள் challenges.cloudflare.com முகவரியையே மறித்துவிடும். ஆனால் இங்கே குற்றவாளி வேறு: கணினியை ஐபோன் போலக் காட்டும் யூசர் ஏஜென்ட் மாற்றி. கோரிக்கை ஐபோன் என்கிறது, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டோ விண்டோஸ் என்று கண்டுபிடிக்கிறது. இப்படி முரண்பட்டால் எந்தச் சோதனைதான் விடும்? அதை நீக்கியதும் சரி வந்தது. விளம்பரத் தடுப்பான் அப்படியே இருக்கிறது.

இன்காக்னிட்டோவிலும் சுற்றினால் கணினியின் நேரத்தைச் சரிபாருங்கள். அப்புறம் வீட்டு இணைப்பை விட்டு போன் டேட்டாவில் முயலுங்கள். அதில் திறந்தால் பிரச்சினை ஐபியில், பிரவுசரைக் குடைய வேண்டியதில்லை.

சலிப்பில் செய்யக்கூடாத ஒன்று: விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் அழுத்தி, Ctrl+V கொடுத்து, என்டர் தட்டச் சொல்லும் 'கேப்சா'. உண்மையான எந்தச் சோதனையும் அப்படிக் கேட்காது. அது உங்கள் கையாலேயே கணினியில் மால்வேரை ஏற்றும் வழி. அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள்.