அடிக்கடி ரிப்பேராகும் அறுவடை வண்டியை அனுப்பிவிட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது

சம்பா அறுவடைக்கு ஒரு பெல்ட் வண்டி பேசினேன். மணிக்கு 2,500 ரூபாய், அட்வான்ஸ் 20,000. முதல் நாள் கன்வேயர் செயின் அறுந்தது, மறுநாள் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தது. ஒட்ட வைத்து ஓட்டியதில் மூன்றாம் நாளும் அதே ஹோஸ். நெல் முற்றிக் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

முதலில், கோபத்தில் "வண்டியை எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் "நீங்கதானே அனுப்பினீங்க" என்பார்கள். வண்டி நின்றதும் படம் எடுத்து, ஓனருக்கு வாட்ஸப்பில் இப்படி எழுதுங்கள்: "மூன்று நாளில் மூன்று முறை வண்டி நின்றது. நாளை காலை 10 மணிக்குள் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி அனுப்புங்கள். தவறினால் ஏற்பாடு முடிந்தது, மீதி அட்வான்ஸைத் தர வேண்டும்." கெடு தாண்டினால், முடித்துக்கொண்டதாக இன்னொரு செய்தி அனுப்புங்கள். போனில் பேசியதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து கணக்கு. நான் தடுமாறியது இங்கேதான். ஹவர் மீட்டரில் கடைசி இலக்கம் நிமிடம் இல்லை, மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். 3.4 என்றால் 3 மணி 24 நிமிடம். நான் 3 மணி 40 நிமிடம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, ரிப்பேர் பார்க்கும்போது இன்ஜின் ஓடினாலும் மீட்டர் ஏறும். அதனால் வயலில் இறங்கும்போதும், நிற்கும்போதும், மறுபடி அறுக்கத் தொடங்கும்போதும் மீட்டரைப் படம் எடுங்கள்.

என் கணக்கு: தொடக்கம் 1842.6, முடிவு 1846.9. வித்தியாசம் 4.3. ரிப்பேரின்போது ஓடியது 0.9. மீதி 3.4 மணிக்கு 8,500 ரூபாய். திரும்ப வர வேண்டியது 11,500.

அறுத்த நேரத்துக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவும் ஒப்பந்தம் செல்லாமல் போனால் பெற்ற பயனைத் திருப்பித் தரவோ ஈடுசெய்யவோ சொல்கிறது. ஓனர் லாரி வாடகை 4,000 ரூபாயையும் கழிக்கப் பார்த்தார். முதலில் பேசாததை இப்போது கழிக்க முடியாது என்று மீட்டர் படங்களோடு கணக்கை அனுப்பினேன். இரண்டு தவணையில் 11,500 வந்தது.

தரவில்லை என்றால், தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இந்த மாதிரித் தொகைக்கு நேரடியாக வழக்குப் போடுவதைவிட இதுதான் நல்லது என்பது என் கருத்து. அங்கே முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கும் கட்டணம் இல்லை.

பின்சேர்க்கை: புரோக்கர் கணக்குக்கு அட்வான்ஸ் போட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஓனர் "எனக்கு வரலை" என்கிறாராம். அப்படியானால் கெடு செய்தியையும் கணக்கையும் இருவருக்கும் அனுப்புங்கள், மனுவிலும் இருவரையும் சேருங்கள். பணம் அனுப்பும்போதே குறிப்பில் "அறுவடை வண்டி அட்வான்ஸ்" என்று எழுதி, வண்டி எண்ணையும் போட்டுவிடுங்கள்.