காய்ச்சல் பால் என்று நிறுத்திவிடாதீர்கள்

பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பனி இறங்கும் மாதங்களில் ஃப்ளூ காய்ச்சலோடு கைக்குழந்தைக்காரிகள் வருவார்கள். என் தலைப்பிள்ளைக்கு நான் செய்த அதே தவறைச் செய்துவிட்டுத்தான் பலரும் வருகிறார்கள்.

பாலை நிறுத்துவது

இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். போன தை மாதம் வந்த பெண்ணுக்கு மூன்று மாதக் குழந்தை. அவளுக்கு 102 டிகிரி காய்ச்சல் அடித்ததும், “காய்ச்சல் பால் பிள்ளைக்கு ஆகாது” என்று மாமியார் தடுத்துவிட்டார். நான்கு நாள் தண்ணீர் கலந்த பசும்பால், அதுவும் புட்டியில். இரண்டாம் நாளே மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. நான்காம் நாள் இடது மார்பில் ஒரு பக்கம் சிவந்து, மறுபடி குளிர்காய்ச்சல் வந்தது. ஃப்ளூதான் திரும்பியது என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அது பால் கட்டி வந்த அழற்சி. குழந்தைக்கோ வயிற்றுப்போக்கு.

ஃப்ளூ கிருமி பால் வழியாகப் போவதில்லை. இருமல், தும்மல், கை வழியாகப் போகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தாயிடமிருந்து பரவத் தொடங்கிவிடும். ஆகவே நாம் பாலை நிறுத்தும்போது கிருமி குழந்தையை எட்டியிருக்கலாம். அதை எதிர்க்கத் தாயின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள் வருவதோ அந்தப் பாலில்தான்.

வலித்த மார்பிலும் குழந்தையைப் போடச் சொன்னேன். பகலிலும் இரவிலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. மருத்துவர் எழுதிய மருந்தும் சேர, சில நாளில் கட்டி கரைந்தது. குழந்தை நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்த பிறகுதான் பால் போதுகிறது என்று மாமியார் நம்பினார்.

மூக்கை மூடாமல் கொஞ்சுவது

பயப்பட வேண்டியது இதற்குத்தான். பால் கொடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, முகக்கவசம் கட்டுங்கள். மற்ற நேரத்தில் நோயில்லாதவர் யாராவது தூக்கிக்கொள்ளட்டும்.

எழவே முடியாதபோதும் கொடுக்கப் பார்ப்பது

பீய்ச்சிக் கொடுங்கள். வேறொருவர் பாலாடையில் புகட்டட்டும்.

மாத்திரையில் குழப்பம்

பாராசிட்டமால் போடலாம். மருத்துவர் ஃப்ளூ கிருமிக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை எழுதினால் அதையும் தயங்காமல் போடலாம். பாலில் மிகக் கொஞ்சமே கலக்கிறது, முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வம்பு வருவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையால். சூடோஎபெட்ரின் உள்ளது பாலைக் குறைத்துவிடும். பலவற்றில் பாராசிட்டமாலும் இருப்பதால் தெரியாமலே இரட்டை அளவு உள்ளே போகும். ஆஸ்பிரின் வேண்டாம்.

குழந்தைக்குச் சுட்டால் காலை வரை பார்ப்பது

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலோ, எந்த வயதிலும் மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அந்த இரவே கிளம்புங்கள்.