கடலை மிட்டாய் உறையில் எழுதக் கூடாதவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டிலேயே கடலை மிட்டாய் செய்து விற்கும் இரண்டு குடும்பத்தினர், சென்ற மாதம் ஒரே வாரத்தில், உறையில் அச்சிடவேண்டிய வாசகங்களைத் திருத்தித் தருமாறு என்னிடம் வந்தார்கள். ஒருவரையொருவர் அறியாத அந்த இருவரும், சனிக்கிழமை தோறும் பள்ளி மைதானங்களில் ஓடியும் பந்து விளையாடியும் களைக்கிற பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் விற்கப்போகிறார்கள். இருவருடைய தாளிலும், உறை வாசகம் எழுதும் இந்தத் தொழிலில் நான் புதியவனாக இருந்தபோது செய்த அதே பிழை, அதே இடத்தில், அதே பெருமிதத்தோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்துப் பிழை, மங்கலான படம், தொலைபேசி எண்ணை மறந்துவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே உறை ஆங்கிலத்தில்தான் அச்சாகிறது என்பதால், கீழே வரும் வாசகங்களின் பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்.

100 கிராமுக்கான எண்ணை 30 கிராம் கட்டியில் அச்சிடுவது

ஒரு வீட்டாருக்காக நான் எழுதிய முதல் கடலை மிட்டாய் உறையில், மற்ற எல்லா எழுத்துகளையும்விடப் பெரிதாக, "25 கிராம் புரதம்" என்று எழுதினேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருப்பதாக உணவு அட்டவணையில் பார்த்தேன், அந்த எண் எனக்குப் பிடித்துவிட்டது, எடுத்து வைத்துவிட்டேன். கட்டியின் எடை 30 கிராம் என்று அதே உறையின் பின்புறத்தில் நானே எழுதியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. இரண்டாயிரம் உறைகள் அச்சாகி வந்தன.

முதல் சனிக்கிழமை, ஓட்டப்பாதையின் ஓரத்தில் மேசை போட்டிருந்தோம். ஒரு தகப்பனார் கட்டியை எடுத்தார், முன்புறம் படித்தார், திருப்பிப் பின்புறம் படித்தார், பிறகு மிக அமைதியாகக் கேட்டார்: "அண்ணா, 30 கிராமில் 25 கிராம் புரதம் போனால், மீதி 5 கிராமுக்குள்தான் எண்ணெயும் வெல்லமும் இருக்கின்றனவா? அப்படியென்றால் இது எப்படி ஒட்டி நிற்கிறது?" அவர் சண்டை போட வரவில்லை, உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு தாய்மார்கள் கையிலிருந்த கட்டிகளை மேசையில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். அந்த உறைகள் அனைத்தையும் குப்பையில் போட்டோம். மறு அச்சுக்கான செலவை நான் ஏற்றேன்.

சரியான கணக்கு கடினமானது அல்ல. அந்த வீட்டில் ஒரு முறை கிண்டுவதற்கு 600 கிராம் வறுத்த கடலையும் 400 கிராம் வெல்லமும் எடுப்பார்கள். பாகில் நீர் வற்றுவதையும் சட்டியில் ஒட்டுவதையும் கழித்தால், 30 கிராம் கட்டிகள் சுமார் 32 கிடைக்கும். ஒரு கட்டிக்குள் ஏறக்குறைய 18 கிராம் கடலையும் 12 கிராம் வெல்லமும் இருக்கின்றன. 18 கிராம் கடலையில் புரதம் சுமார் 4.5 கிராம், கொழுப்பு சுமார் 9 கிராம். வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரையே என்பதால் அதிலிருந்து சுமார் 10 கிராம் சர்க்கரை வருகிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 630 கிலோஜூல் ஆற்றல். புரதம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் கூட்டினால் 24 கிராமை ஒட்டி வருகிறது. மிச்சம் நார், மாவுச்சத்து, சிறிது ஈரம் ஆகியவை. இந்தக் கூட்டல் கட்டியின் எடைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். நான் அந்த அரை நிமிடத்தைச் செலவிடவில்லை.

என் எரிச்சல் இதோடு நிற்காததற்குக் காரணம் உண்டு. இந்தத் தவற்றைச் சுட்டிக்காட்டியதும், புதியவர்கள் உடனே அடுத்த தந்திரத்துக்குத் தாவுகிறார்கள். சென்ற மாதம் வந்த தம்பி, நான் சிவப்பு மையால் வட்டமிட்டதைப் பார்த்துவிட்டு, "சரி அண்ணா, அப்படியானால் '100 கிராமுக்கு 15 கிராம் புரதம்' என்று போடலாமே, அது உண்மைதானே" என்றார். உண்மைதான். ஆனால் 100 கிராம் என்பது மூன்று கட்டிகளுக்கும் மேல். அதோடு 30 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரையும் உள்ளே போகும். எந்தத் தாயும் பிள்ளைக்கு ஒரே வேளையில் மூன்று கட்டிக்கு மேல் கொடுப்பதில்லை. பின்புற அட்டவணையில் 100 கிராமுக்கான எண்ணும் ஒரு கட்டிக்கான எண்ணும் அருகருகே இருப்பது முறையானது. முன்புறத்தில் பெரிய எண்ணை மட்டும் தூக்கி நிறுத்துவது, உண்மையைக் கொண்டே ஏமாற்றுவது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நம் கட்டியில் அதைவிடக் குறைவு. எனவே "புரதக் கட்டி" என்ற பெயரே இதற்குப் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சமையல் கணக்கு வாசகத்தைச் சரிபார்க்க மட்டுமே உதவும். தென்னாப்பிரிக்க விதிகளின்படி சத்தைப் பற்றி ஒரு கூற்று எழுதினால் உறையில் ஊட்டச்சத்து அட்டவணையும் இருக்கவேண்டும். அந்த அட்டவணையின் எண்களை ஆய்வகத்தில் சோதித்து வாங்குவதே பாதுகாப்பு. கடலையின் அளவை மாற்றினால் அட்டவணையும் மாறவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

"ஓட்டத்துக்கு முன் உடனடி ஆற்றல்"

கட்டியின் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருகிறது. வெல்லம் சீக்கிரம் கரையும் என்பது சரி. ஆனால் கூடவே போகும் கடலையின் எண்ணெய் வயிற்றில் தங்கி, செரிமானத்தை மெதுவாக்கும். பந்தயம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இதைத் தின்ற பிள்ளை, ஓடும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டால், அந்தத் தாய் மறுபடி உங்களிடம் வாங்கமாட்டார். மேலும், கடலைத் துண்டுகள் வாய்க்குள் இருக்கப் பிள்ளை ஓடத் தொடங்குவது புரையேறும் ஆபத்தும்கூட. எனவே "முன்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பின்" என்று எழுதுங்கள்: ஓட்டம் முடிந்த பிறகு, ஆட்டம் முடிந்து கார் வரும்வரை காத்திருக்கும்போது, வீடு திரும்பும் வழியில். பிள்ளைக்குப் பசிப்பதும் அப்போதுதான். பெற்றோர் கையில் காசோடு நிற்பதும் அப்போதுதான்.

"சர்க்கரை இல்லை, வெல்லம் மட்டுமே"

கரும்பு வெட்ட இந்த நேட்டால் பகுதிக்கு வந்தவர்களின் கொள்ளுப் பேரர்களிடம், வெல்லம் எதிலிருந்து வருகிறது என்பது தெரியாததுபோல் பேசாதீர்கள்.

"ஆரோக்கியம்", "சத்து நிறைந்தது", "சூப்பர் ஃபுட்"

2010இல் வெளியான உணவு லேபிள், விளம்பர விதிகள் இந்தச் சொற்களைத் தடுக்கின்றன. விவாதிக்க ஒன்றுமில்லை.

"நண்பர்களோடு பகிர்ந்து உண்ணுங்கள்"

கேட்பதற்கு இவ்வளவு நல்ல வாசகம் வேறு இல்லை. அதனால்தான் இதை எல்லாரும் எழுதுகிறார்கள். கட்டியின் நடுவே ஒரு கோடு போட்டு "உனக்குப் பாதி, தோழனுக்குப் பாதி" என்று வரைந்த உறையை நானும் ஒரு காலத்தில் ரசித்தேன். இது நிலக்கடலை. அணியில் ஒரு பிள்ளைக்குக் கடலை ஒவ்வாமை இருக்கலாம். அது அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்கும். பாதியை நீட்டும் பத்து வயதுத் தோழனுக்குத் தெரியாது. கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறு துண்டே உயிராபத்தாக முடியலாம். ஆகவே பகிரச் சொல்லும் எந்த வரியும் இந்த உறையில் வேண்டாம். "நிலக்கடலை உள்ளது" என்பதைப் பொருட்பட்டியலின் பொடி எழுத்துகளுக்குள் மட்டும் விட்டுவிடாமல், முன்புறத்திலும் தெளிவாக எழுதுங்கள். சில பள்ளிகள் கடலைப் பண்டங்களை அனுமதிப்பதில்லை. அங்கே மேசை போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிகையை எடுத்ததும் உயிரையும் எடுத்துவிடுவது

இத்தனையையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று அந்தத் தம்பி முகம் வாடினார். மறுநாள் அவர் கொண்டுவந்த வாசகம் இது: "தரமான நிலக்கடலையும் வெல்லமும் கொண்டு சுகாதாரமான முறையில் தயாரிக்கப்பட்டது." இதில் தவறு ஒன்றுமில்லை; ஆனால் இது சோப்புக்கட்டிக்கும் பொருந்தும். வாசகத்தின் துடிப்பு சத்துப் பட்டியலிலிருந்து வரவேண்டியதில்லை. பெற்றோருக்குத் தெரிந்த ஒரு காலைப்பொழுதிலிருந்து வரலாம். இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"காலை ஆறு மணி. ஒரு காலணியைக் காணோம். தண்ணீர்ப் புட்டி, தொப்பி, கடலை மிட்டாய் மூன்றும் பைக்குள் போயாகிவிட்டன. ஓடி முடித்ததும் உடையுங்கள். கடக்! வறுத்த கடலை, வெல்லம். இரண்டே பொருள். ஒரு கட்டியில் புரதம் 4.5 கிராம், சர்க்கரை 10 கிராம். நிலக்கடலை உள்ளது."

வினைச்சொற்கள் ஓடுகின்றன, வாக்கியங்கள் மூச்சு வாங்குகின்றன. சத்தைப் பற்றி இருப்பது இரண்டு எண்கள் மட்டும், அவையும் ஒரு கட்டிக்கானவை. சர்க்கரையை நாமே சொல்லிவிடுவதால், புரதத்தின் எண்ணையும் மக்கள் நம்புகிறார்கள்.

ஆனால் "கடக்" என்பதும் ஒரு கூற்றுதான். டர்பனில் பள்ளித் தடகளப் போட்டிகள் நடப்பது முதல் பருவத்தில், புழுக்கம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெல்லிய தாளில் சுற்றிய கட்டி நண்பகலுக்குள் நசநசத்து, கடக்கென்று உடையாமல் வளையும். அவருடைய கட்டி ஒன்றை என் மேசையில் உறையின் வாய் திறந்தபடி ஒரு நாள் வைத்திருந்து காட்டினேன். மாலையில் விரலில் ஒட்டியது. காற்றுப் புகாத உறைக்கு மாறினால் அந்தச் சொல் இருக்கட்டும், இல்லையேல் எடுத்துவிடலாம் என்றேன். உறையை மாற்றினார்.

கடைசியாக, "இரண்டே பொருள்" என்ற வரியில் விரல் வைத்து, "பாகை ஊற்றும் தட்டில் என்ன தடவுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவருடைய தாயார்தான் கிண்டுகிறவர், தொலைபேசியில் அழைத்தோம். "நெய்தான் தம்பி, பின்னே வேறென்ன?" என்றார் அந்த அம்மா. நெய் என்றால் பால் பொருள். அதையும் ஒவ்வாமை அறிவிப்பில் எழுதவேண்டும், வரியும் பொய்யாகிவிடும். கடலை எண்ணெய் தடவிப் பார்க்கிறேன் என்றார்; கட்டி நன்றாகவே கழன்று வந்ததாம். எண்ணெயும் ஒரு பொருள்தான் என்பதால், அச்சுக்குப் போன உறையில் "மூன்றே பொருள்" என்று இருக்கிறது.